மிக்ஸி விமர்சனமும் ‘பரவாயில்லை’யும்: வாடிக்கையாளர் கருத்தை மொழிபெயர்ப்பவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டார்தான் கொடுத்திருக்காங்களே, அதைப் பார்த்தே பாசிட்டிவா நெகட்டிவான்னு போட்டுட்டுப் போகலாமே?

தமிழில் வரும் விமர்சனத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து, பாசிட்டிவா நெகட்டிவா என்று மதிப்பெண்ணும் போட்டு நிறுவனத்துக்குக் கொடுப்பதுதான் நம் வேலை. ஸ்டாரைப் பார்த்துப் போடலாம், மாட்டிக்கொள்வீர்கள். அஞ்சு ஸ்டார் போட்டு, கீழே “அஞ்சு குடுத்தாதான் மேல தெரியும், யாரும் வாங்காதீங்க” என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 1 என்றால் முதல் ரேங்க் என்று நினைத்து ஒரு ஸ்டார் போட்டு வாயாரப் புகழ்கிறவர்களும் இருக்கிறார்கள். முழு நக்கலாக எழுதியவர் ஸ்டாரிலும் நக்கலைத் தொடர்ந்து அஞ்சு போடுவது மூன்றாவது வகை.

ஸ்டாரை நான் எச்சரிக்கை மணியாக மட்டும் வைத்துக்கொள்கிறேன். மூலக் கருத்தைப் படித்து நாம் போடும் மதிப்பெண் ஒரு நெடுவரிசையில் இருக்கும். −2 முதல் +2 வரை போதும். அதற்குப் பக்கத்தில் ஸ்டார். இரண்டும் எதிரெதிராகப் போகிற வரிகளை மட்டும் எடுத்து மறுபடி படிக்க வேண்டும். C-யில் ஸ்டார், D-யில் நம் மதிப்பெண் என்றால் இவ்வளவுதான்:

```
=IF(OR(AND(C2>=4,D2<0),AND(C2<=2,D2>0)),"CHECK","")
```

ஆனால் முதலில் கருத்தைப் படித்து D-யை நிரப்புங்கள். அதுவரை C மறைந்தே இருக்கட்டும். ஸ்டாரைப் பார்த்துவிட்டுப் படித்தால் கண் அதற்கேற்ற மாதிரிதான் படிக்கும்.

நக்கல்னு எதை வெச்சு முடிவு பண்றீங்க? உங்களுக்கு நக்கலாத் தெரியுறது எனக்குத் தெரியலையே?

தொனி காதில் விழாது, எழுத்து மட்டும்தான் கையில். அதனால் தொனியைத் தேடாமல் அந்த வாக்கியத்தில் இருக்கிற உண்மைத் தகவலைத் தேட வேண்டும்.

பள்ளியில் வஞ்சப்புகழ்ச்சி அணி படித்திருப்பீர்கள். புறநானூற்றின் 95-ஆம் பாட்டில், அதியமானுக்காகத் தூது போன ஔவையார் தொண்டைமானின் படைக்கலங்களைப் பார்க்கிறார். மயில்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவலுள்ள அரண்மனையில் பளபளவென்று இருக்கின்றன என்கிறார். எங்கள் மன்னனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன என்கிறார். அதில் கேலிச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. வேல் எதற்கு என்று தெரிந்தவருக்குத்தான் குத்தல் தெரியும். மிக்ஸி எதற்கு என்று தெரிந்தவருக்குத்தான் மிக்ஸி விமர்சனம் புரியும் என்பதும் அதே கணக்குதான். புகழப்படும் விஷயம் புகழத் தகுந்ததுதானா என்று கேளுங்கள். “சத்தம் ஒண்ணும் பெரிசா இல்ல, எதிர் வீட்டுக்காரங்க மட்டும்தான் வந்து கேட்டாங்க” என்பதில் எதிர் வீட்டுக்காரர் தகவல். ‘பெரிசா இல்ல’ வெறும் வேஷம்.

இலக்கணமும் கை கொடுக்கும். எனக்கு அதிகம் உதவுவது ‘ஆம்’ விகுதி. “750 வாட்ஸாம். தேங்காய்ச் சட்னி அரைக்கச் சொன்னா யோசிச்சு சொல்றேங்குது.” இதில் ‘750 வாட்ஸ்’ என்பது பெட்டியில் போட்டிருப்பது. ‘ஆம்’ போட்டவுடன் அது அவர்கள் சொல்வது, நான் நம்பவில்லை என்று ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘750 வாட்ஸ்’ என்று மட்டும் எழுதினால் அது வெறும் விவரக்குறிப்பு. ‘சப்போஸ்ட்லி’ என்று ஒரு சொல் சேர்த்தால் அந்த ‘ஆம்’ வந்து சேரும். ‘ரெண்டு வருஷ வாரண்டியாம்’, ‘சத்தமே வராதாம்’ எல்லாம் இதே குடும்பம். எல்லா ‘ஆம்’மும் நக்கல் இல்லை. “பக்கத்து வீட்டுல நாலு வருஷமா ஓடுதாம், அதான் வாங்கினேன்” என்பது சாதாரணச் செவிவழிச் செய்தி. அடுத்த வாக்கியம் அதை முறியடிக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொரு அறிகுறி, தேவைக்கு மேல் வரும் மரியாதை. “டெக்னீஷியன் ஐயா பெரிய மனசு பண்ணி பதினோராவது நாள் எழுந்தருளினார்” என்பதில் ‘எழுந்தருளினார்’ கோயில் உற்சவத்துக்கு உரிய சொல். மெக்கானிக்குக்கு அது வந்தால் ஏதோ வில்லங்கம்.

நக்கல்னு தெரிஞ்சுடுச்சு. இங்கிலீஷ்ல எப்படி எழுதுறது? அப்படியேவா, அர்த்தத்தைப் பிரிச்சா?

ஒரு வரியை எடுத்துக்கொண்டு முழுசாகப் பார்ப்போம்.

“வாங்கி மூணு வாரத்துல சர்வீஸ் சென்டர்காரங்க எல்லாம் சொந்தக்காரங்க மாதிரி ஆயிட்டாங்க. நல்ல மனுஷங்க. நன்றி.”

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் “சர்வீஸ் சென்டர் ஊழியர்கள் குடும்பத்தினர் போல் ஆகிவிட்டார்கள், நல்லவர்கள், நன்றி” என்று வரும். கிளையண்ட் நிறுவனத்தில் இருப்பவர் அதை ‘விற்பனைக்குப் பின் சேவை, +2’ என்று போடுவார். மூன்றே வாரத்தில் ஒருவர் எத்தனை முறை அங்கே போயிருந்தால் சொந்தம் கொண்டாட முடியும் என்பது தமிழ் படிப்பவருக்கு யாரும் சொல்லாமல் தெரியும்.

இரண்டாவது தவறு இதற்கு நேர் எதிர். “மூன்று வாரத்தில் பலமுறை பழுதானது, மோசமான பொருள், மோசமான சேவை” என்று விளக்கி எழுதுவது. ‘மோசமான சேவை’ என்று அவர் எங்கே சொன்னார்? ‘நல்ல மனுஷங்க’ என்பது உண்மையாகவே இருக்கலாம். குத்தல் விழுவது மிக்ஸி மேல், ஊழியர் மேல் அல்ல. நக்கல் என்று கண்டுபிடித்ததோடு வேலை முடிவதில்லை. அது யார் மேல் விழுகிறது என்பதுதான் பாதி வேலை. தவறான தலைப்பில் விழுந்தால், நன்றாக வேலை செய்கிற சர்வீஸ் சென்டருக்கு ஆய்வு அறிக்கையில் கெட்ட பெயர்.

நான் எழுதியது இது: ‘த்ரீ வீக்ஸ் இன், அண்ட் தி சர்வீஸ் சென்டர் ஸ்டாஃப் ஆர் ஆல்ரெடி ஃபேமிலி. லவ்லி பீப்பிள். தேங்க் யூ.’ இதில் இரண்டு வேலை நடந்திருக்கிறது. தமிழில் ‘மூணு வாரத்துல’ முதலில் வருகிறது, ஆங்கிலத்திலும் அதை முதலில் நிறுத்தினேன். ஊழியர்களை முதலில் வைத்தால் பாராட்டாக ஆரம்பித்துவிடும், பிறகு திருப்புவது கஷ்டம். அடுத்தது ‘ஆல்ரெடி’. அது மூலத்தில் இல்லை. ஆனால் ‘ஆயிட்டாங்க’ என்பதில் இருக்கும் ‘அதுக்குள்ளயா’ என்ற வியப்பை அது சுமக்கிறது. நான் சேர்த்த ஒரே சொல் அதுதான்.

பக்கத்து நெடுவரிசையில் குறிப்பு: “நக்கல். இலக்கு: பொருளின் உறுதி, அடிக்கடி பழுது. ஊழியர் பற்றிய பாராட்டு உண்மையாக இருக்கலாம். உறுதி −2, சேவை தீர்ப்பில்லை.” விளக்கம் இருக்க வேண்டிய இடம் இது, மொழிபெயர்ப்பின் உள்ளே அல்ல. கிளையண்ட் தன் ஸ்லைடில் மேற்கோளாகப் போடுவது மொழிபெயர்ப்பைத்தான். அதில் பேசியவரின் குரல் கேட்க வேண்டும்.

மதிப்பெண்ணை மூலத்தைப் படிக்கும்போதே போட்டுவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதம். மொழிபெயர்ப்பை முடித்து அனுப்பி, வேறொருவர் ஆங்கிலத்தைப் பார்த்து மதிப்பெண் போடும் முறையில் எவ்வளவு நன்றாக மொழிபெயர்த்தாலும் கொஞ்சம் கசியும்.

எல்லா நக்கலும் −2 தானே?

இல்லை. கிண்டல், நக்கல், குத்தல் என்று மூன்று சொல் சும்மா வைத்திருக்கவில்லை நாம். “மிக்ஸி போட்டா பூனை ஓடிடுது, வேற குறை இல்ல” என்பது கிண்டல், சத்தத்துக்கு −1 போதும், மொத்தத்தில் ஆள் திருப்தியாகத்தான் இருக்கிறார். “உங்க குடும்பம் நல்லா இருக்கணும், என் காசு உங்களுக்குப் புண்ணியமா போகட்டும்” என்பது குத்தல். அதுதான் −2. நக்கலைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அடிமட்டத்துக்கு இறக்குவது புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்வது. நானும் செய்தேன்.

‘பரவாயில்லை’ன்னு எழுதியிருந்தா நியூட்ரல்னு போட்டா போதுமா?

இந்த ஒரு சொல்லுக்காகவே தனிப் பயிற்சி வைக்கலாம். குறைந்தது மூன்று வேலை செய்கிறது அது.

“டெலிவரி நாலு நாள் லேட். பரவாயில்லை.” இது மன்னிப்பு. நடந்தது குறைதான், அவர் பெரிதுபடுத்தவில்லை. டெலிவரிக்கு −1, அவ்வளவுதான். இதை ‘இட்ஸ் ஓகே’ என்று எழுதினால் டெலிவரி ஓகே என்று ஆகிவிடும். ‘நெவர் மைண்ட்’ பக்கம் போக வேண்டும்.

“இந்த விலைக்குப் பரவாயில்லை.” இது அளந்து கொடுத்த பாராட்டு. விலையோடு சேர்த்துத்தான் +1. விலையை விட்டுவிட்டுப் பொருளுக்கு மட்டும் போடக் கூடாது.

“பரவாயில்லையே! உளுந்துகூட நல்லா அரையுது.” கடைசியில் ஒரு ‘ஏ’ ஏறியதும் கதையே மாறிவிட்டது. எதிர்பார்க்கவில்லை, அசந்துவிட்டார். +2 போடலாம். ஆங்கிலத்தில் ‘நாட் பேட்’ என்று நிறுத்தினால் பாதி போச்சு. ‘நாட் பேட் அட் ஆல்’ என்றால் ஓரளவு வரும். தட்டச்சு செய்த தமிழில் அந்த ‘யே’ ஒரே ஓர் எழுத்து. எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்தி ‘பரவாயில்லை’ ஆக்கிய தரவுக் கோப்பு ஒன்று ஒருமுறை எங்களுக்கு வந்தது. மூல ஸ்க்ரீன்ஷாட்டைக் கேட்டு வாங்கித்தான் சரிசெய்தோம்.

இதோடு ‘சுமார்’ என்பதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அகராதியில் அது ‘ஏறக்குறைய’. “சுமாரா இருக்கு” என்று ஒரு பொருளைப் பற்றிச் சொன்னால் அநேகமாக −1. பரவாயில்லைக்கும் சுமாருக்கும் நடுவில்தான் நியூட்ரல் கோடு ஓடுகிறது.

நம் ஊர் அடக்கமான பாராட்டு பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும். “குறைன்னு சொல்ல ஒண்ணும் இல்ல.” “குடுத்த காசுக்கு வஞ்சனை இல்ல.” எனக்குப் பிடித்தது இது: “ஆறு மாசமாச்சு. மாமியார் இன்னும் ஒண்ணும் சொல்லல.” மாம்பலத்திலோ மயிலாப்பூரிலோ யாரிடமாவது இந்த வரியைக் காட்டுங்கள், அஞ்சு ஸ்டாருக்கு மேல் ஏதாவது இருந்தால் கொடுக்கச் சொல்வார்கள். நேரடியாகப் பெயர்த்தால் தகவலே இல்லாத வரி, நியூட்ரலில் போய் உட்காரும். இதற்கு ஆங்கிலத்தில் ‘ஈவன் மை மதர் இன் லா’ என்று ‘ஈவன்’ சேர்ப்பதோடு, மாமியார் என்பவர் இங்கே மிகக் கறாரான நீதிபதி என்று குறிப்பில் ஒரு வரி எழுத வேண்டும்.

ஒண்ணு ரெண்டு தப்பானா மொத்தக் கணக்குல என்ன மாறிடப் போகுது?

கணக்குப் போட்டே பார்க்கலாம். வசதிக்காக 200 கருத்து என்று வைத்துக்கொள்வோம். நேரடி மொழிபெயர்ப்பை வைத்து எண்ணினால் பாசிட்டிவ் 110, நியூட்ரல் 40, நெகட்டிவ் 50. பாசிட்டிவிலிருந்து நெகட்டிவைக் கழித்து 200-ஆல் வகுத்துச் சதவீதமாக்கினால் நிகர மதிப்பு +30.

பாசிட்டிவில் 16 நக்கல் என்று தெரிந்து மாற்றினால் 94, 40, 66. நிகரம் +14. ஒவ்வொரு நக்கலும் ஒரு பக்கம் கழிந்து மறுபக்கம் கூடுவதால் இரட்டை அடி. இப்போது நியூட்ரலில் கிடந்த 18 ‘மாமியார் ஒண்ணும் சொல்லல’ வகையறாவைப் பாசிட்டிவுக்கு ஏற்றினால் 112, 22, 66. நிகரம் +23.

30-க்கும் 23-க்கும் வித்தியாசம் 7தான், இதுக்கா இவ்வளவு என்று தோன்றும். இங்கேதான் ஏமாந்து போகிறோம். இரண்டு தவறும் ஒன்றையொன்று மறைத்துவிட்டன. நக்கல் எல்லாத் தலைப்பிலும் சமமாக விழுவதில்லை. என் அனுபவத்தில் அது பழுது, சர்வீஸ், டெலிவரி பக்கம்தான் குவியும், ஏனென்றால் காக்க வைத்தால்தான் மனுஷனுக்கு நக்கல் வரும். அடக்கமான பாராட்டு அரைக்கும் திறன், ஜார், உழைப்பு பக்கம் குவியும். அந்த 200-ல் பழுதும் சர்வீஸும் பற்றிப் பேசியது 60 பேர் என்றும், பாசிட்டிவ் 30, நியூட்ரல் 8, நெகட்டிவ் 22 என்றும் கொள்ளுங்கள். நிகரம் +13. நக்கல் 16-ல் 13 இங்கேதான் இருந்தது என்றால் 17, 8, 35 ஆகி −30 ஆகிவிடும். மொத்தத்தில் ஏழு புள்ளி, இந்தத் தலைப்பில் 43 புள்ளி. சர்வீஸ் சென்டரை விரிவாக்குவதா, விளம்பரத்தில் ‘சிறந்த சேவை’ என்று போடுவதா என்று முடிவெடுக்கிறவர் பார்ப்பது இந்தத் தலைப்பைத்தான்.

அதனால் மொத்தச் சராசரி சரியாக வந்துவிட்டது என்று யாராவது சொன்னால், தலைப்புவாரியாகக் காட்டுங்கள் என்று கேட்கிறேன்.

பேக் டிரான்ஸ்லேஷன் பண்ணிச் சரிபார்த்தா தெரிஞ்சுடாதா?

இந்த விஷயத்தில் தெரியாது. நேரடியாகப் பெயர்த்த ‘ஊழியர்கள் குடும்பம் போல்’ வாக்கியத்தை மறுபடி தமிழாக்கினால் ‘சொந்தக்காரங்க மாதிரி ஆயிட்டாங்க’ என்று அழகாகத் திரும்பி வரும். சொல் பொருந்துகிறது, சரி என்று டிக் போடுவார்கள். தொலைந்த நக்கல் தொலைந்தே இருக்கும். நல்ல மொழிபெயர்ப்புதான் இந்தச் சோதனையில் இடறும், ‘ஆல்ரெடி’ மூலத்தில் இல்லையே என்று. ஆய்வுக்கான கேள்வித்தாளை மொழிபெயர்க்கும்போது அது நல்ல சோதனை. கருத்துரைக்கு வேண்டியது, தமிழ் தெரியாத ஒருவரிடம் ஆங்கிலத்தை மட்டும் கொடுத்து −2 முதல் +2 வரை மதிப்பெண் போடச் சொல்லி, அதை மூலத்தின் மதிப்பெண்ணோடு ஒப்பிடுவது. வித்தியாசம் ஒன்றுக்கு மேல் போனால் அந்த வரியை மறுபடி எழுத வேண்டும்.

ரெண்டு பேர் தனித்தனியா பார்த்தோம், 88 சதவீதம் ஒத்துப்போச்சு. போதும்தானே?

50 கருத்தில் நீங்கள் 5 நக்கல் என்றீர்கள், தோழி 5 என்றார். இருவரும் ஒரே கருத்தை நக்கல் என்றது 2-ல் மட்டும். மீதியில் 42-ஐ இருவருமே நக்கல் இல்லை என்றீர்கள். 44/50, அதாவது 88 சதவீதம். ஆனால் நக்கலே அபூர்வம் என்பதால், இருவரும் கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் டிக் போட்டிருந்தாலும் 82 சதவீதம் ஒத்துப்போயிருக்கும். ஜேக்கப் கோஹன் 1960-ல் கொடுத்த காப்பா அளவு அதைக் கழித்துவிட்டுப் பார்க்கிறது: (0.88 − 0.82) / (1 − 0.82) = 0.33. கைதட்ட ஒன்றுமில்லை. ஒத்துப்போகாத அந்த ஆறையும் வைத்து இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். பெரும்பாலும் ஒருவருக்கு அந்தப் பொருள் பழக்கமில்லாததே காரணமாக இருக்கும். மிக்ஸி மோட்டாரை ஜாரோடு இணைக்கும் கப்ளர் தேய்ந்தால் புதிது வாங்க வேண்டும் என்று தெரியாதவருக்கு “கப்ளர் கடைக்காரர் எனக்கு தீபாவளி ஸ்வீட் கொடுத்தார்” என்பது இனிய செய்தி.

எவ்வளவு யோசிச்சும் நக்கலா நெஜமான்னே தெரியலைன்னா?

நியூட்ரலில் போடாதீர்கள். நியூட்ரல் என்றால் அவருக்கு அபிப்பிராயம் இல்லை. இதில் அவருக்கு அபிப்பிராயம் இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை. ‘முடிவு செய்ய முடியாதது’ என்று தனிக் குறியீடு வைத்து, நிகரக் கணக்கில் சேர்க்காமல், எத்தனை என்று அடியில் சொல்லிவிடுங்கள். ‘சூப்பர் சர்வீஸ்’ என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் சொல்ல முடியாது. அதே ஆள் வேறு பொருளுக்கு எழுதியது கிடைத்தால் மட்டும் வெளிச்சம் கிடைக்கும்.

ஸ்மைலியெல்லாம் எடுத்துட்டுத்தான் ஃபைல் கொடுத்தாங்க. பரவாயில்லையா?

மன்னிப்பு வகைப் பரவாயில்லை. 🙏 நன்றியும் ஆகும், ‘ஆளை விடுங்க சாமி’யும் ஆகும். 👏 கூடவே வந்திருந்தால் பாதி நக்கல் அதிலேயே பிடிபட்டிருக்கும். மூலக் கோப்பைக் கேளுங்கள். CSV-ஐ நேரே திறந்தபோது எழுத்தெல்லாம் குப்பையாகவோ கட்டமாகவோ வந்தால், UTF-8 என்று சொல்லி இறக்குமதி செய்து பாருங்கள். அநேகமாக எல்லாம் உள்ளேதான் இருக்கும்.

கோயம்புத்தூர்க்காரங்க கருத்தை நம்ம சென்னை டீம் பார்த்தா சரியா வருமா?

கவனம் வேண்டும். “நல்லாத்தானுங்க இருக்குதுங்க, ஒண்ணும் தொந்தரவு இல்லீங்க” என்று வந்தால், இத்தனை ‘ங்க’வா என்று சென்னைக் காதுக்கு நக்கல் மாதிரி கேட்கும். அது அவர்கள் பேச்சு, நிஜமான பாராட்டு. தேவைக்கு மேல் மரியாதை என்று நான் மேலே சொன்ன அறிகுறி இங்கே செல்லாது. கொங்குப் பக்கத்து ஆள் ஒருவரை இரண்டாம் பார்வைக்கு வைத்துக்கொள்வது உத்தமம்.

கிளையண்ட் ‘நக்கலை எடுத்துட்டு நேரா எழுதிக் கொடுங்க’ன்னு கேக்குறாங்க. என்ன பண்றது?

தனி நெடுவரிசையில் நேர்ச் சுருக்கம் ஒன்று கொடுங்கள், “அடிக்கடி பழுது, அதிருப்தி” என்று. மொழிபெயர்ப்பு நெடுவரிசை மட்டும் அப்படியே இருக்கட்டும். ஒருமுறை நான் விட்டுக்கொடுத்து எல்லாவற்றையும் நேராக்கி அனுப்பினேன். அடுத்த வாரம் அதே ஆள் போன் பண்ணி, “மக்கள் ரொம்ப டல்லா பேசியிருக்காங்களே, ஸ்லைடுல போட ஒரு நல்ல கோட் கூட இல்லையே” என்றார்.